"ஓட்டை டைட்டு ப்ரோ": ஒரு வாட்ஸ்அப் செய்தி என்.சி.ஆர். ஆன கதை

கேள்வி: மணலியில் ஒரு ஷீட் மெட்டல் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். எங்கள் இன்ஸ்பெக்டர் அண்ணன் அனுபவஸ்தர், ஆனால் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் பேச்சு வழக்கில்தான் போடுவார். கஸ்டமர் ஆடிட்டில் "இது ரிப்போர்ட் இல்லை, குறையைப் பதிவுசெய்யும் என்.சி.ஆர். எங்கே?" என்று கேட்டுவிட்டார்கள். அவர் எழுதுவதைக் குறை, எண்ணிக்கை, இடம் என்று ஒழுங்காக மாற்றுவது எப்படி? ஒரு உண்மை உதாரணத்தோடு சொல்ல முடியுமா?

பதில்:

உதாரணத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். சில வருடங்களுக்கு முன் திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த ஒரு ஃபேப்ரிகேஷன் கடையில் நடந்தது. இரவு பத்தரை மணிக்கு செகண்ட் ஷிப்ட் இன்ஸ்பெக்டர் போட்ட செய்திகள் இவை. அவர் ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார், நான் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

"ப்ரோ அந்த 4472 பிராக்கெட்ல ஓட்டை டைட்டு. கேஜ் உள்ள போவல."

"முப்பது பீஸ் பாத்தேன். ஏழெட்டு அப்டிதான் கீது."

"ஒரு பக்கம் மட்டும்தான். பெண்டும் லைட்டா உள்ள வாங்கிக்கீது."

"ஸ்டாப்பர் ஆடுதுன்னு நெனைக்கிறேன். அவன்கிட்ட சொன்னா கேக்க மாட்டேன்றான்."

"ரைட்டு பீஸ் தனியா வெச்சிட்டேன். மிச்சம் மிஷின் பக்கத்துல நீல டப்பால கீது. கொஞ்சம் கோட்டிங்குக்குப் போச்சு போல."

"ரீமர் ஓட்டுனா சரியாப் போயிடும். காலைல பாத்துக்கலாம்."

இதைப் படித்ததும் பலர் செய்வது என்னவென்றால், என்.சி.ஆர். படிவத்தைத் திறந்து "துளை சிறியதாக உள்ளது, 8 எண்ணிக்கை, பெண்டிங் பிரிவு, நடவடிக்கை: ரீமிங்" என்று நிரப்பிவிடுவது. பார்க்க அழகாக இருக்கும். கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருக்கும். ஆனால் இந்தக் கேஸில் அந்த ரிப்போர்ட் முழுத் தப்பு. அதன்படி போயிருந்தால் தவறான பீஸ்கள் கஸ்டமருக்கே போயிருக்கும். அது எப்படி என்பது கீழே வரும்.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். 6 மி.மீ. எம்.எஸ். என்கிற மைல்ட் ஸ்டீல் தகட்டில் செய்த மோட்டார் பிராக்கெட். லேசரில் வெட்டி, பெண்டிங் மிஷினில் எல் வடிவத்தில் ஒரே ஒரு மடிப்பு, அப்புறம் பவுடர் கோட்டிங். ஒரு முகத்தில் நான்கு துளைகள், எம்10 போல்ட்டுக்காக. டிராயிங்கில் துளை விட்டம் 11.00 முதல் 11.20 மி.மீ. வரை. மடிப்பின் வெளி முகத்திலிருந்து மேல் வரிசைத் துளைகளின் மையம் 24 மி.மீ., கூட்டல் கழித்தல் 0.5. இடது வலது என்று ஜோடியாக வரும் பிராக்கெட், அதனால் 4472-க்கு எல்.ஹெச்., ஆர்.ஹெச். என்று இரண்டு வகை உண்டு. இந்த ஜோடி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் நான் போனதும் படிவத்தை எடுக்கவில்லை. அண்ணனுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அவரையே கூட்டிக்கொண்டு நீல டப்பாவுக்குப் போனேன். செய்தியை ரிப்போர்ட்டாக மாற்றுவதில் எழுத்து வேலை கால் பங்குதான். மீதி, ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் அவர் கண்ணால் பார்த்தது என்ன என்று கேட்டு வாங்குவது. "லைட்டா", "கொஞ்சம்", "ஏழெட்டு" என்று வரும் இடங்களில் நீங்களாக ஒரு எண்ணைப் போட்டுவிடக் கூடாது. ஏழெட்டு என்பதை 8 என்று எழுதினால், அதை யாருமே எண்ணவில்லை என்பது காகிதத்தில் தெரியாமல் போய்விடும்.

குறை: "ஓட்டை டைட்டு"

டைட்டு என்பது கைக்குத் தெரிந்த உணர்வு. ரிப்போர்ட்டில் வரவேண்டியது மூன்று: டிராயிங் என்ன கேட்கிறது, பீஸில் என்ன இருக்கிறது, எதை வைத்துப் பார்த்தோம். அண்ணனிடம் கேட்டேன், "எந்த கேஜ்?" 11.00 பிளக் கேஜில், சரியான துளைக்குள் நுழைந்தே ஆகவேண்டிய கோ பக்கம் நுழையவில்லை என்றார். சரி, கேஜின் எண்ணையும் அதன் காலிபரேஷன் தேதி முடியவில்லை என்பதையும் குறித்துக்கொண்டேன். இதைக் குறிக்காவிட்டால், பெண்டிங் பிரிவின் முதல் வாதம் "உங்க கேஜே தப்பு" என்பதாகத்தான் இருக்கும்.

அப்புறம் ஒரு பீஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால், துளை வட்டமாகவே இல்லை. மடிப்புக் கோட்டுக்கு இணையான திசையில் 10.82 முதல் 10.94 வரை. அதற்குச் செங்குத்தான திசையில் 11.15 முதல் 11.35 வரை. அதாவது ஒரு பக்கம் குறுகி, மறு பக்கம் நீண்டு, முட்டை வடிவம். "துளை சிறியது" என்று எழுதியிருந்தால், லேசர் பிரிவைப் போய்க் குடைந்திருப்போம். லேசர் சிறியதாக வெட்டினால் வட்டமாகவே சிறியதாக வெட்டும். மடித்த பிறகு முட்டையாகும் துளை வேறு கதை. மடிக்கும்போது தகட்டுக்கு அடியில், தடிமனைப் போல எட்டு மடங்கு அகலமான வாய் உள்ள வி டை போடுவது வழக்கம், 6 மி.மீ.-க்கு ஏறக்குறைய 48. மடிப்புக் கோட்டின் இருபுறமும் 24 மி.மீ. தூரத்துக்குத் தகடு அந்த வாய்க்குள் தொங்கிக்கொண்டு வளைகிறது. அந்த எல்லைக்குள் இருக்கும் துளையை வளைவு இழுத்துவிடும். டிராயிங்கில் துளை ஏற்கெனவே அந்த எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறது. மடிப்பு ஒரு மி.மீ. நெருங்கினாலும் இழுப்பு கூடும்.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. வெர்னியரின் உள் தாடைகளுக்குச் சிறு தட்டை விளிம்பு உண்டு, அதனால் சின்னத் துளையில் உண்மையைவிடச் சற்றுக் குறைத்தே காட்டும். 10.94 என்று வெர்னியர் சொன்னதை மட்டும் வைத்து ரிஜெக்ட் செய்யாதீர்கள். ஏற்பதா தள்ளுவதா என்பதற்கு பிளக் கேஜ், வடிவம் எப்படி இருக்கிறது என்பதற்கு வெர்னியர் என்று பிரித்து எழுதினேன்.

அடுத்தது "பெண்டும் லைட்டா உள்ள வாங்கிக்கீது". அண்ணன் இதைப் போகிற போக்கில் சொல்லியிருந்தார். எனக்கு இதுதான் அந்த இரவின் மிக முக்கியமான வரி. துளை டைட் என்பது ஒரு குறை, மடிப்பு நகர்ந்திருப்பது இன்னொரு குறை. டிராயிங்கில் இரண்டுக்கும் தனித்தனி அளவு இருக்கிறது, ரிப்போர்ட்டிலும் தனித்தனி வரி வேண்டும். அவர் 24 அளவை வெர்னியரால் பார்த்திருந்தார்: மடிப்பின் வெளி முகத்திலிருந்து துளையின் விளிம்பு வரை எடுத்து, அதோடு 5.5-ஐக் கூட்டி. துளை வட்டமாக இருந்தால் சரி. முட்டைத் துளையில் பாதி விட்டம் 5.5 இல்லையே. ஆகவே சர்ஃபேஸ் பிளேட்டில் பிராக்கெட்டின் வெளி முகத்தை உட்காரவைத்து, ஹைட் கேஜில் துளையின் கீழ் விளிம்பு, மேல் விளிம்பு இரண்டையும் எடுத்துச் சராசரி போட்டோம். 23.5-க்குக் குறையக் கூடாத இடத்தில் 22.6 முதல் 23.2 வரை வந்தது.

இப்போது துளையைக் குடைந்து அகலமாக்கும் ரீமர் யோசனையைப் பாருங்கள். ரீமர் ஓட்டினால் கேஜ் வழுக்கிக்கொண்டு நுழைந்துவிடும். ரிப்போர்ட்டில் "கேஜ் நுழையவில்லை" என்று மட்டும் இருந்தால், "இப்போது நுழைகிறது" என்று எழுதி மூடிவிடலாம். ஆனால் துளை இருக்கும் இடம் 22.6-லேயே இருக்கும். 11 துளையில் எம்10 போல்ட்டுக்குச் சுற்றிலும் கிடைக்கும் சலுகை அரை அரை மி.மீ.தான். மோட்டாரை வைத்துப் பூட்டுகிறவர் அங்கே நான்காவது போல்ட்டைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருப்பார்.

இடம்: எந்த ஒரு பக்கம்?

படிவத்தில் "இடம்" என்று ஒரு கட்டம்தான் இருக்கும், ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. பீஸில் எங்கே? கடையில் எங்கே? பெரும்பாலோர் இரண்டாவதற்கு மட்டும் பதில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். காரணத்தைக் காட்டிக்கொடுப்பது முதலாவது.

"ஒரு பக்கம் மட்டும்தான்" என்றவரிடம் எந்தப் பக்கம் என்றேன். வலது என்றார். பீஸை அவர் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பிடித்தேன், வலது இடதாகிவிட்டது. சிரித்துவிட்டார். துளைகளுக்கு டிராயிங்கில் பெயர் இல்லை. அதனால் ரிப்போர்ட்டிலேயே பெயர் வைத்தோம்: டிராயிங்கின் முன் தோற்றத்தில், மடிப்பு மேலே இருக்கும்படி பிடித்து, மேல் இடது துளை 1, அங்கிருந்து கடிகார முள் சுற்றில் 2, 3, 4. இதையே ஒரு பீஸில் மார்க்கரால் எழுதி, அம்பு போட்டு, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்தோம். வாட்ஸ்அப்பில் அவர் ஏற்கெனவே ஒரு படம் போட்டிருந்தார். ஆனால் அதில் துளை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அது எந்தத் துளை, எந்தப் பீஸ், எவ்வளவு பெரியது என்று ஒன்றும் தெரியாது. ஒரு படம் முழுப் பீஸும் தெரியும்படி, இன்னொன்று கிட்டத்தில், இரண்டும் வேண்டும்.

இப்படிப் பெயர் வைத்துப் பார்த்ததும் விஷயம் துலங்கிவிட்டது. குறை முழுவதும் துளை 2-ல் மட்டும். துளை 3, 4 மடிப்புக்குத் தூரத்தில் இருப்பதால் தப்பித்தன, அது புரிகிறது. ஆனால் துளை 1-ம் மடிப்புக்கு அதே 24 மி.மீ. தூரத்தில்தான் இருக்கவேண்டும், அது 23.8 முதல் 24.2 வரை அழகாக இருந்தது. ஆக, மடிப்பு மொத்தமாக நகரவில்லை. ஒரு முனையில் மட்டும் நெருங்கி, கோணலாக விழுந்திருக்கிறது. பின்னால் தகடு முட்டும் ஸ்டாப்பர்கள் இரண்டில் ஒன்று சரியில்லை என்று அண்ணன் சொன்னதோடு இது ஒத்துப்போகிறது.

அப்படியானால் "ஸ்டாப்பர் தளர்ந்ததால்" என்று ரிப்போர்ட்டில் எழுதலாமா? குறை விவரத்தில் வேண்டாம். அவர் "நெனைக்கிறேன்" என்றுதான் சொல்லியிருக்கிறார், யாரும் ஸ்டாப்பரைக் கைவைத்துப் பார்க்கவில்லை. "இன்ஸ்பெக்டரின் கவனிப்பு, சரிபார்க்கப்படவில்லை" என்று தனியாக ஒரு வரியில் வைத்தேன். காரணம் தேடுகிற கூட்டத்துக்கு அது போய்ச் சேரும். "சொன்னா கேக்க மாட்டேன்றான்" என்பதை முழுதாக விட்டுவிட்டேன். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒரு ஆபரேட்டரைப் பற்றிய புகாரை என்.சி.ஆரில் எழுதினால், அடுத்த நாளிலிருந்து அந்த மிஷினில் யாரும் உங்களிடம் எதையும் சொல்ல மாட்டார்கள். அதைச் சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னேன்.

கடையில் எங்கே என்பது இன்னும் கொஞ்சம் வேடிக்கை. "ரைட்டு பீஸ் தனியா வெச்சிட்டேன்." நான் ஆர்.ஹெச். பீஸ்களைத் தனியாக வைத்துவிட்டார் என்றே எடுத்துக்கொண்டேன். இரண்டு வகையும் அன்று ஓடியதால் அதில் அர்த்தமும் இருந்தது. போய்ப் பார்த்தால், அவர் சொன்னது நம் ஊர் ரைட்டு. கேஜ் நுழைந்த நல்ல பீஸ்களைத் தனியாக வைத்திருக்கிறார்! குறையுள்ளவை மிஷின் பக்கத்திலேயே நீல டப்பாவில், டேக் எதுவும் இல்லாமல், மறுநாள் ஷிப்ட் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தன. பாகமோ ஆர்.ஹெச். மட்டும்தான் பாதிக்கப்பட்டிருந்தது. பாகத்தின் பெயரில் "ரைட்" வரும் எந்தக் கடையிலும் செய்தியில் இந்த வார்த்தையைக் கண்டால் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

டப்பாக்களை ஹோல்ட் கூண்டுக்கு நகர்த்தி, ஒவ்வொன்றிலும் என்.சி.ஆர். எண்ணோடு சிவப்பு டேக் கட்டினோம். எங்கே கண்டுபிடித்தோம், இப்போது எங்கே இருக்கிறது, இரண்டையும் எழுதவேண்டும். திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: கோட்டிங் ஆகாத எம்.எஸ். பீஸை ஹோல்டில் வைத்தால் கடல் காற்றில் சீக்கிரமே துரு பூத்துவிடும். முடிவுக்குக் காத்திருக்கும் பீஸில் துரு ஏறினால் அது இரண்டாவது என்.சி.ஆர். எண்ணெய் தடவி வையுங்கள், கோட்டிங் கடையில் எப்படியும் கழுவித்தான் அடிப்பார்கள்.

எண்ணிக்கை: கூட்டினால் கணக்கு வரவேண்டும்

"முப்பது பீஸ் பாத்தேன், ஏழெட்டு" என்பதில் ஒரு எண்கூட முழுதாக இல்லை. ஜாப் கார்டை எடுத்தோம். மொத்தம் 240. அதில் முதலில் மடித்த 60 மாலையிலேயே வியாசர்பாடிப் பக்கம் இருக்கும் கோட்டிங் கடைக்குப் போய்விட்டது, டெலிவரி சலான் இருக்கிறது. "கொஞ்சம் போச்சு போல" என்றது இந்த அறுபதுதான். மிச்சம் 180, இரண்டாம், மூன்றாம் டப்பாக்களில் தொண்ணூறு தொண்ணூறாக.

முப்பது என்றாரே, சரியாக எத்தனை? எங்கள் கடையில் ஐ.எஸ். 2500 என்ற இந்தியத் தரநிலையின் அட்டவணைப்படி சாம்பிள் எடுப்போம். 151 முதல் 280 வரையிலான லாட்டுக்குச் சாதாரண நிலையில் 32. இன்ஸ்பெக்ஷன் ஷீட்டில் 32 டிக் இருந்தது, இரண்டாம் டப்பாவிலிருந்து 12, மூன்றாம் டப்பாவிலிருந்து 20. கேஜ் நுழையாதவை 7, அவரே மார்க்கரில் புள்ளி வைத்திருந்தார். நாங்கள் பின்பற்றிய 2.5 ஏ.க்யூ.எல். என்ற ஏற்பு அளவுக்குக் குறையுள்ள பீஸ் இரண்டு வரை ஏற்கலாம், மூன்றிலேயே லாட் நிராகரிப்பு. ஏழு என்றால் பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் 32-லிருந்து 7 போக 25 நல்லது என்று எழுதிவிட முடியுமா? அண்ணன் அந்த 25-லும் கேஜை மட்டும்தான் போட்டிருந்தார். 24 அளவைப் பார்க்கவில்லை. அந்த 25-ஐயும் ஹைட் கேஜில் வைத்தோம். அவற்றில் 3 பீஸில் கேஜ் நுழைகிறது, ஆனால் தூரம் 23.5-க்குக் கீழே. இவர் "ரைட்டு" என்று தனியாக வைத்திருந்த குவியலில் இருந்தவை அவை.

ஆக, துளைக் குறை 7, தூரக் குறை 10. இரண்டையும் கூட்டி 17 என்று எழுதும் தவறை நான் நிறைய ரிப்போர்ட்டில் பார்த்திருக்கிறேன். துளைக் குறை உள்ள 7-க்கும் தூரக் குறையும் இருக்கிறது. குறையுள்ள பீஸ்கள் 10 மட்டுமே. குறைகளின் எண்ணிக்கை வேறு, பீஸ்களின் எண்ணிக்கை வேறு. ஸ்டோரில் போய் டப்பாவைத் திறந்து எண்ணுகிறவருக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

மீதி? 240-ல் பார்த்தது 32, பார்க்காதது 208. இந்த 208 நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, சந்தேகத்தில் இருப்பது. குறை 10, நல்லது 22, சந்தேகம் 208. கூட்டினால் 240. ஜாப் கார்டின் எண்ணுக்கு வந்து நிற்காத எந்தக் கணக்கையும் கையெழுத்துக்கு அனுப்பாதீர்கள்.

எழுதி முடித்தபின் அது இப்படி இருந்தது

பாகம்: மோட்டார் பிராக்கெட் 4472 ஆர்.ஹெச்., டிராயிங் திருத்தம் பி. ஜாப் கார்டு எண், தேதி, செகண்ட் ஷிப்ட், பெண்டிங் மிஷின் 2.

குறை 1: துளை 2-ன் விட்டம். தேவை 11.00 முதல் 11.20 மி.மீ. பிளக் கேஜின் கோ பக்கம் (கேஜ் எண்) நுழையவில்லை. துளை முட்டை வடிவில் உள்ளது. மடிப்புக் கோட்டுக்கு இணையாக 10.82 – 10.94, செங்குத்தாக 11.15 – 11.35. சோதித்த 32-ல் 7 பீஸ்.

குறை 2: மடிப்பின் வெளி முகத்திலிருந்து துளை 2-ன் மையம். தேவை 23.5 முதல் 24.5 மி.மீ. ஹைட் கேஜில் கண்டது 22.6 – 23.2. சோதித்த 32-ல் 10 பீஸ். குறை 1 உள்ள 7-ம் இதில் அடக்கம். அதே பீஸ்களில் துளை 1-ன் தூரம் 23.8 – 24.2, எல்லைக்குள்.

பீஸில் இடம்: டிராயிங் முன் தோற்றம், மடிப்பு மேலே, மேல் இடது துளை 1, கடிகாரச் சுற்றில் எண்கள். படம் 1, 2 இணைப்பு.

எண்ணிக்கை: லாட் 240. சோதித்தது 32. குறையுள்ளது 10. ஏற்புடையது 22. சோதிக்காதது 208.

இருக்கும் இடம்: கண்டது பெண்டிங் மிஷின் 2 அருகே. இப்போது டப்பா 2, 3 (180 பீஸ்) ஹோல்ட் கூண்டில், டேக் கட்டப்பட்டது. டப்பா 1 (60 பீஸ்) கோட்டிங் கடையில், சலான் எண், தொலைபேசியில் நிறுத்தச் சொல்லப்பட்டது, நேரம் காலை 8.40.

இன்ஸ்பெக்டரின் கவனிப்பு, சரிபார்க்கப்படவில்லை: பின் ஸ்டாப்பர் ஆடுவதுபோல் தெரிகிறது.

முடிவு: நிலுவையில். அதிகாரம்: குவாலிட்டி மேனேஜர்.

ரீமர் என்ற சொல் இதில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். என்ன செய்வது என்று தீர்மானிப்பது குறையைக் கண்டவரின் வேலை இல்லை. ஐ.எஸ்.ஓ. 9001:2015-ன் 8.7 பிரிவும் பதிவில் கேட்பது இவைதான்: குறை என்ன, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள், சலுகை ஏதும் பெற்றீர்களா, முடிவெடுத்த அதிகாரி யார். உங்கள் ஆடிட்டர் தேடியதும் இதைத்தான். வாட்ஸ்அப்பில் எழுதக் கூடாது என்று தரநிலையில் எங்கும் இல்லை, ஆனால் அந்தச் செய்திகளில் இந்த நான்கில் ஒன்றுகூட முழுதாக இல்லை. பழைய செய்திகளை அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை என்.சி.ஆரோடு இணையுங்கள். குறை எத்தனை மணிக்குக் கண்ணில் பட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. இரவு பத்தரைக்கு வந்த செய்தியைக் காலைத் தேதியில் எழுதினால் ஷிப்ட் மாறிப்போகும்.

அந்த அறுபது பீஸ் குட்டி யானையில் ஏறி, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, மதியம் இரண்டு மணிக்குத்தான் திரும்பி வந்து சேர்ந்தது. நல்லவேளை, கோட்டிங் ஆகவில்லை. ஆகியிருந்தால் பவுடர் படலமே துளையைக் குறுக்கிவிடும், அதே கேஜைப் போட்டு நல்லதையும் தள்ளியிருப்போம். 240-ஐயும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முதல் டப்பாவில் ஒன்றுகூட இல்லை. இரண்டாவதில் 11, மூன்றாவதில் 41. மொத்தம் 52, அதில் கேஜ் நுழையாதவை 39. அதாவது "ஓட்டை டைட்டு" என்று மட்டும் எழுதி ரீமர் போட்டிருந்தால், 39 பீஸ் கேஜைத் தாண்டியிருக்கும், 13 பீஸ் யார் கண்ணிலும் படாமலே போயிருக்கும். 6 மி.மீ. மடிப்பைப் பிரித்து மறுபடி மடிக்க முடியாது, 52-ம் ஸ்கிராப். டப்பா வரிசையில் குறை ஏறிக்கொண்டே போனதைப் பார்த்ததும் ஸ்டாப்பரைக் கழற்றினார்கள். வலது ஸ்டாப்பரின் போல்ட் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டே வந்திருந்தது. அண்ணன் சொன்னது சரிதான். அது காரண ஆய்வுப் படிவத்தில், சரிபார்த்த தேதியோடு ஏறியது. முடிவுகளை என்.சி.ஆரில் பிற்சேர்க்கையாக எழுதினோம். முதலில் எழுதிய 10, 22, 208 அப்படியே இருந்தன, அவற்றின் மேல் அடித்துத் திருத்தவில்லை.

உங்கள் இன்ஸ்பெக்டர் விஷயத்தில் ஒன்று மட்டும். நீங்கள் எழுதியதில் அவர் கையெழுத்து வேண்டும், அதற்கு முன் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். படிவத்தைக் கையில் கொடுத்தால் பார்க்காமலே போட்டுவிடுவார். நான் சத்தமாக வாசித்தேன். "கோ பக்கம் நுழையவில்லை" என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். "நுழையலன்னு எழுதாதபா. ரெண்டு பீஸ்ல பாதி வரைக்கும் போய்த்தான் நின்னுச்சு." போய்ப் பார்த்தோம், மடிப்பின் உள் பக்கத்திலிருந்து போட்டால் பாதித் தடிமன் வரை போய் நின்றது. நாளைக்குப் பெண்டிங் பிரிவில் யாராவது அந்த இரண்டு பீஸை எடுத்து, "பார், போகுதே" என்று காட்டியிருந்தால் மொத்த ரிப்போர்ட்டும் ஆட்டம் கண்டிருக்கும். "தகட்டின் முழுத் தடிமனுக்கும் நுழையவில்லை, 2 பீஸில் பாதி வரை" என்று திருத்தினேன். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.